மூன்று வட்டங்களும் ஒரு மஞ்சள் கதவும்

எங்கள் கடைக்கு நேர் மேலே, மாடியில் கணக்கு டியூஷன் நடத்துகிற டீச்சரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அவருடைய பெயர்ப் பலகையை ஒரே வருஷத்தில் மூன்று முறை செய்துகொடுத்தவள் நான்தான். ஒரு ஆளைப் புரிந்துகொள்ள ஜாதகம் எல்லாம் வேண்டாம். பலகையில் எந்த வார்த்தையைப் பெரிதாகப் போடச் சொல்கிறார் என்று பார்த்தால் போதும். பல் டாக்டர் தன் பட்டங்களைப் பெரிதாகப் போடச் சொல்வார். அவரிடம் வருகிறவர்களுக்குத் தேவை ‘வலிக்காது’ என்ற ஒரே வார்த்தைதான். இதைச் சொன்னால் என்னை முறைப்பார்கள். முறைக்கட்டும்.

கடை கணவன் மனைவி எங்கள் இருவருடையது. ஏணியில் ஏறுவது வீட்டுக்காரர், கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்குவதும் வாடிக்கையாளரிடம் வாயாடுவதும் நான். பலகை, ஸ்டிக்கர், நோட்டீஸ் எல்லாம் உண்டு.

டீச்சர் பன்னிரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தவர். ஒரு வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அவர் போர்டில் கணக்கு போடுவார், பிள்ளைகள் தப்பாகப் போட்டு, ரப்பரால் அழித்து, போர்டைப் பார்த்துச் சரியாக எழுதி, நோட்டை நீட்டுவார்கள். எல்லா நோட்டும் சுத்தமாக இருக்கும். பரீட்சையில் மட்டும் பழைய தப்பே திரும்ப வரும். “யாரு எங்கே சறுக்கினாங்கன்னே தெரியாம நான் எப்படிக்கா சொல்லிக்கொடுப்பேன்?” என்று என்னிடம் ஒருநாள் புலம்பினார். அப்போது அவர் மாடியில் குடியிருந்த வெறும் அண்டை வீட்டுக்காரர்தான்.

அந்த நாளில் என் பெண்ணுக்கும் எனக்கும் பின்னக் கணக்கில் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு. முக்காலில் பாதி எவ்வளவு என்று அவள் கேட்க, நான் ஒன்று சொல்ல, புத்தகம் வேறொன்று சொல்ல, சத்தம் மாடிக்கே கேட்டிருக்கிறது. டீச்சர் இறங்கி வந்தார். “ரெண்டு நாளைக்கு இவளை என்கிட்ட விடுங்க” என்றார். இரண்டு நாள் இரண்டு மாதமானது. பிறகு அவள் தோழிகள் இருவர். பிறகு அந்தத் தோழிகளின் தம்பிகள். ஒரு கட்டத்தில் டீச்சர் பள்ளியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டின் முன் இரண்டு அறைகளையும் டியூஷனுக்கு விட்டுவிட்டார்.

முதல் பலகையை நான் செய்தேன். ‘கணக்கு டியூஷன், 5 முதல் 8ஆம் வகுப்பு வரை’ என்று எழுதி, கீழே ஃபோன் நம்பர். அலங்காரம் ஒன்றும் கிடையாது. படிக்கட்டுக் கதவு துருப்பிடித்துக் கிடந்ததால், ஒரு ஆட்டோமொபைல் கடைக்கு வாங்கி மிஞ்சிய பெயின்டை வீட்டுக்காரர் அதில் அடித்தார். எலுமிச்சம்பழ மஞ்சள். தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் கண்ணில் அடிக்கும். திட்டம் போட்டு அடித்ததில்லை, டப்பாவில் அதுதான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு பிஸ்கட் டப்பா. வருகிற பிள்ளை தன் ரப்பரை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். தப்பாகப் போட்டால் அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு அடித்துவிட்டு அடுத்த வரியில் போட வேண்டும். வாரக் கடைசியில் அந்தக் கோடுகளை எல்லாம் தேடி எடுத்து ‘தப்பு நோட்டு’ என்று தனியாக ஒரு நோட்டில் ஏற்றுவார்கள். யார் எங்கே சறுக்குகிறார்கள் என்பது அதில் கண்ணாடி மாதிரி தெரியும். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர்தான். எட்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு கோட்டையும் பார்க்க முடியாது என்பார்.

விடுப்பு முடிய மூன்று மாதம் இருந்தபோது பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: திரும்பி வருகிறீர்களா, விலகுகிறீர்களா, இந்தத் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். டீச்சர் அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். “நாப்பது பிள்ளைங்க சேர்ந்தா தைரியமா விலகிடுவேன்க்கா. இல்லேன்னா மறுபடியும் அந்த ஐம்பத்திரண்டு பேர் வகுப்புதான்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை கடிதத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. என் பெண் கணக்கு நோட்டைத் திறக்கும்போது அழாமல் இருப்பதற்கு இந்த ஒரு மனுஷிதான் காரணம்.

இந்த நேரத்தில்தான் அவருடைய தம்பி வந்து சேர்ந்தான்.

தங்கமான பிள்ளை. ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தான். அக்காவின் டியூஷனைப் பெரிய நிறுவனமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பி வந்தவன், வருகிற வழியில் இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக நான் ஸ்டிக்கர் வெட்டுகிற மேஜையில் மார்க்கரால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் வட்டம். டீச்சரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“நடுவுல இருக்கறது ‘ஏன்’. அதைச் சுத்தி ‘எப்படி’. வெளியில ‘என்ன’. சாதாரண கடைக்காரங்க வெளியிலருந்து பேசுவாங்க, நாங்க இதை விக்கிறோம், இப்படிச் செய்யறோம்னு. ஜெயிச்சவங்க எல்லாரும் உள்ளேருந்து ஆரம்பிப்பாங்க. நாம எதை நம்பி இதைச் செய்யறோம்னு முதல்ல சொல்லணும். அது மனசைத் தொட்டாத்தான் ஜனங்க வாங்குவாங்க, போர்டு அக்கா” என்றான். என்னை அவன் அப்படித்தான் அழைப்பான்.

“நேத்து நான் துடைப்பம் வாங்கினேன் தம்பி. அது என் மனசைத் தொடவே இல்லையே.”

“அது துடைப்பம். இது பிராண்ட்.”

நான் நக்கலடித்தேனே தவிர, அடுத்து நடந்ததை மறைக்க மாட்டேன். அவன் தன் அக்காவிடம் திரும்பி, “நீ சொல்லு. எதுக்காக இதைச் செய்யற?” என்றான். டீச்சர் முதலில், “வேற வேலை தெரியாதுடா” என்றார். அவன் விடவில்லை. மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டான். நாலாவது முறை டீச்சர் என் மேஜை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“ஆறாவது படிக்கும்போது ஒரு கணக்கை அழிச்சு அழிச்சு பேப்பர்ல ஓட்டை விழுந்துடுச்சு. அந்த ஓட்டையைக் கையால மூடிக்கிட்டே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், யாரும் பாத்துடக் கூடாதுன்னு. எந்தப் பிள்ளையும் அப்படி உக்காரக் கூடாது. அவ்வளவுதான்.”

வட்டம் ‘தப்புக்குப் பயப்படாத பிள்ளைகள்’ என்று நடு வட்டத்தில் எழுதினான். இரண்டாவதில் ரப்பர் டப்பா, தப்பு நோட்டு, எட்டுப் பேர். வெளியில் கணக்கு டியூஷன், ஐந்து முதல் எட்டு. எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதை அவன் பார்த்துவிட்டதும் உண்மை.

அதில் நன்மையும் வந்தது. இரண்டாவது அறைக்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்தது. இருவர் வந்தார்கள். ஒருவர் படிப்பில் கெட்டி, சான்றிதழ்கள் ஒரு கட்டு. மாதிரி வகுப்பில் ஒரு கூட்டல் பிசகியது, பிள்ளைகள் பார்ப்பதற்குள் கையால் துடைத்துவிட்டார். மற்றவள் இப்போதுதான் கல்லூரி முடித்தவள். அவளுக்கும் பிசகியது. “இருங்க இருங்க, தப்பாப் போட்டுட்டேன். எங்கேன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்” என்று பிள்ளைகளிடம் சாக்பீஸை நீட்டினாள். முன்பென்றால் டீச்சர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். அன்று ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சின்ன டீச்சர் கிடைத்துவிட்டாள். அவன் போட்ட அந்த மூன்று வட்டமும் கெட்டது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு மருந்து தலைவலிக்குக் கேட்டது என்று கால் முறிவுக்கும் அதையே தடவினால்? அடுத்து அவன் பலகைக்கு வந்தான்.

புதிய பெயர்: ‘ஏன்?’. அவ்வளவுதான். ஆளுயரத்துக்கு ஒரு ‘ஏ’, ஒரு ‘ன்’, ஒரு கேள்விக்குறி. அடியில் சின்னதாக ‘தப்புக்கு அஞ்சாத தலைமுறை’. கதவுக்கு மஞ்சள் வேண்டாமாம், பெயின்ட் கடை மாதிரி இருக்கிறதாம். சாம்பல் நிறம்தான் கௌரவம்.

“கணக்குன்னு ஒரு வார்த்தையாவது போடலாமே தம்பி?”

“அது வெளி வட்டம் போர்டு அக்கா. உள்ளேருந்துதான் பேசணும். ஆர்வம் வந்தா அவங்களே மாடி ஏறிக் கேப்பாங்க.”

இருபது வருஷமாகப் பலகை செய்கிறவள் நான். தெருவில் போகிறவர் ஒரு பலகையைப் பார்க்கிற நேரம் மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ‘இங்கே என்ன கிடைக்கும்’ என்பது தெரியாவிட்டால் கால் நிற்காது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பேப்பர் ஓட்டை என்னையும் மயக்கியிருந்தது. தவிர, வடிவம் அழகாக வந்திருந்தது. பலகைக்காரிக்கு அழகான எழுத்து என்றால் புத்தி கொஞ்சம் பிசகும். வீட்டுக்காரர் கதவுக்குச் சாம்பல் அடித்துவிட்டு, ஏணியில் ஏறிப் பலகையை மாட்டினார். இறங்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்து, “ஏன்?” என்றார். பலகையைப் படித்தாரா, கேள்வி கேட்டாரா என்று இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த ஐந்து வாரம் எங்கள் தெருவில் நல்ல பொழுதுபோக்கு. கல்லூரிப் பெண்கள் பலகைக்குக் கீழே நின்று ஃபோட்டோ எடுத்தார்கள். ஒருவர் வக்கீல் அலுவலகமா என்று கேட்டார். ஒரு நடுத்தர வயது ஆள் மாடி ஏறி, டீச்சர் எதிரில் உட்கார்ந்து, தன் மனைவி ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று அரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். டீச்சரும் பொறுமையாகக் கேட்டு, “அவங்க சொன்னதுல நீங்க எங்கே தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க” என்று அனுப்பினாராம். பிறகு அவர் நன்றி சொல்ல வந்தார். ஆனால் அவருக்கு ஐந்தாவது படிக்கிற பிள்ளை இல்லை.

வட்டம் படங்களுக்கு வந்த லைக்கை எண்ணிக்கொண்டிருந்தான். நான் பிள்ளைகளை எண்ணினேன். புதிதாக ஒன்று சேர்ந்தது, வீடு மாறிப் போனதில் இரண்டு போனது. பதின்மூன்று. சின்ன டீச்சர் இரண்டாவது அறையில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் எதிர்வரிசைக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து நோட்டீஸ் அடிக்க ஆர்டர் வந்தது. அதுவும் டியூஷன்தான், ஏழெட்டுக் கிளை உள்ளது. ஒருவர் கொடுக்கிற வாசகத்தை இன்னொருவரிடம் காட்டுவது எங்கள் தொழிலில் பெரிய துரோகம். அதனால் அச்சடித்து, தெருவெல்லாம் கொடுத்து முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொடுத்து முடித்த அன்று ஒரு நோட்டீஸை எடுத்துப் போய் டீச்சர் முன் வைத்தேன். மேலேயே தடித்த எழுத்தில் இருந்தது: ‘தவறுகளைக் கண்டு அஞ்சாத, கேள்வி கேட்கும் தலைமுறையை உருவாக்குவதே எங்கள் நோக்கம்.’

“நம்மளைக் காப்பி அடிச்சுட்டாங்க!” என்று வட்டம் குதித்தான்.

“இல்லப்பா. மூணு வருஷமா இதே வாசகம்தான். பழைய ஃபைல் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. தேதியை மட்டும் மாத்துவாங்க.”

டீச்சர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். “அங்கே நாப்பது பேர் ஒரு ஹால்லக்கா. யார் நோட்டையும் யாரும் பாக்கறதில்லை. ஆனா எழுத்துல பாத்தா அவங்களும் நானும் ஒண்ணுதான், இல்ல?” என்றார்.

“எழுத்துல பாத்தா ஊர்ல இருக்கிற எல்லா டியூஷனும் ஒண்ணுதான். பிள்ளைங்களைப் பயமுறுத்தறதே எங்க லட்சியம்னு யாராவது போர்டு வைப்பாங்களா? உங்க மனசுல இருக்கறது நிஜம். அது எனக்குத் தெரியும், என் பொண்ணுக்குத் தெரியும். தெருவுல போறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். பிறகு வட்டத்திடம் திரும்பி, பல நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “தம்பி, ஜெயிச்சவங்க எல்லாரும் ‘ஏன்’லருந்து ஆரம்பிச்சாங்கன்னு அந்த முகாம்ல சொன்னாங்களே. அதே மாதிரி நல்ல ‘ஏன்’ வெச்சிருந்தும் கடையை மூடினவங்க எத்தனை பேருன்னு சொன்னாங்களா?”

“சொல்லலக்கா” என்றான் வட்டம். அவனிடம் எனக்குப் பிடித்தது அதுதான், சமாளிக்க மாட்டான்.

இரண்டு நாள் கழித்து, மாலை நான்கு மணி இருக்கும், ஒரு நர்ஸ் அம்மா யூனிஃபார்மோடு வியர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் வந்தார். ஒரு கையில் பை, மறுகையில் ஆறாம் வகுப்புப் பெண். “இந்தத் தெருவுல மஞ்சக் கதவு டியூஷன் எங்கேங்க இருக்கு? மூணு நாளா ட்யூட்டி நடுவுல பர்மிஷன் போட்டு வரேன், போறேன். மஞ்சக் கதவே இல்லையே” என்றார்.

நான் கத்தரிக்கோலோடு எழுந்தேன்.

“யாரு சொன்னாங்க?”

“எங்க வார்டுல கூட வேலை செய்யறவங்க. அவங்க பையன் போறான். ‘மஞ்சக் கதவு, உள்ளே ரப்பர் டப்பா, அதுதான் அடையாளம்’னு சொன்னாங்க. பேரு அவங்களுக்கும் தெரியல. இன்னிக்கும் கிடைக்கலேன்னா அந்தக் கண்ணாடிக் கட்டடத்துலயே சேத்துடலாம்னு இருந்தேன். அங்கேயாவது கணக்குன்னு பெரிசா எழுதியிருக்கு.”

கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நர்ஸ் அம்மா பின்னாலேயே வந்தார். குழந்தை கடத்துகிறவள் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. டீச்சர் உட்கார வைத்தார். தன் நோக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “வீட்டுல என்ன நடக்குது?” என்று மட்டும் கேட்டார்.

“தினமும் சாயந்திரம் சண்டைங்க. எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு எங்க பின்னக் கணக்கு மனப்பாடம். நேத்து ரிப்போர்ட் கார்டை அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு மட்டும்தான். எனக்கு ட்யூட்டி முடிய ஏழாகும். வகுப்பு சீக்கிரம் முடிஞ்சா இவ தனியா நிக்கணும்…”

“நான் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கட்டும்” என்று பின்னாலிருந்து சின்ன டீச்சர் சொன்னாள், தாய் சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தான் சொல்லி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “தப்பு. நீங்க வர்ற வரைக்கும்” என்று திருத்தினாள். அந்த ஆறாம் வகுப்புப் பெண் முதல் முறையாகச் சிரித்தது. பையிலிருந்து ரப்பரை எடுத்து, கேட்காமலேயே டப்பாவில் போட்டது.

அன்று மாலையே டீச்சர், வட்டம், நான் மூவரும் என் மேஜையில் உட்கார்ந்து, இருக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டோம். வட்டம் ‘எங்களிடம் உங்களைக் கவர்ந்தது எது’ என்று கேள்வி எழுதி வைத்திருந்தான். அதை நான் அடித்தேன், ஒரே கோடுதான். இப்படிக் கேட்டால் மரியாதைக்கு எதையாவது நல்லதாகச் சொல்வார்கள். ‘டியூஷன் வைக்கணும்னு முடிவு செஞ்ச அன்னிக்கு வீட்டுல என்ன ஆச்சு? வேற எங்கெல்லாம் பாத்தீங்க? எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ரெண்டாவது டெர்ம் ஏன் தொடர்ந்தீங்க?’ என்று நடந்ததைக் கேட்கச் சொன்னேன்.

வந்த பதில்களைக் கேட்க வேண்டுமே. ஒருவர், “கண்ணாடிக் கட்டடத்துக்கு ரெண்டு தடவை ஃபோன் பண்ணேன், எடுக்கல. நீங்க எடுத்தீங்க.” இன்னொருவர், “பஸ் நிறுத்தத்துலருந்து பாத்தா மஞ்சக் கதவு தெரியும், பையன் தனியா வந்துடுவான்.” ரிப்போர்ட் கார்டு வந்த அன்று முடிவு செய்தவர்கள் ஆறு பேர். பின்னக் கணக்குச் சண்டை நான்கு வீட்டில். தப்புக்கு அஞ்சாத தலைமுறைக்காக வந்தோம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

வட்டத்தின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவனும் விவரமானவன். தாளை மறுபடி படித்துவிட்டு, “இருங்க. ரெண்டாவது டெர்ம் ஏன் தொடர்ந்தீங்கன்னு கேட்டதுக்கு மட்டும் பாருங்க. எட்டுப் பேர் தப்பு நோட்டுன்னு சொல்றாங்க. ‘எம்பொண்ணு இப்ப அவளே வந்து தப்பைக் காட்டறா’ன்னு ஒருத்தர் சொல்றாரு. அது அக்காவோட ‘ஏன்’லருந்து வந்ததுதானே?” என்றான்.

“வந்ததுதான்” என்றேன். உண்மையை ஒத்துக்கொள்ள எனக்கென்ன வெட்கம்? “ஆனா அது உள்ளே வந்தவங்களுக்குத்தான் தெரியும். வெளியில நிக்கிறவங்களுக்குக் கதவு தெரியணும்.”

டீச்சர் மேஜையில் இன்னும் அழியாமல் இருந்த மூன்று வட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “நான் நடுவுலருந்து ஆரம்பிக்கவே இல்லடா. அக்கா வீட்டுச் சண்டைதான் முதல்ல வந்துச்சு. அப்புறம் ரப்பர் டப்பா. எதுக்குன்னு நீ கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சுது. வட்டத்துல அம்புக்குறி ரெண்டு பக்கமும் போடணும் போல” என்றார். வட்டம் மார்க்கரை எடுத்து இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டான்.

மூன்றாவது பலகை இரண்டு நாளில் தயார். ‘கணக்கு டியூஷன்’ பெரிதாக. ‘5 முதல் 8 வரை’. ‘மஞ்சக் கதவு’ என்பதே பெயர், ஊர் வைத்த பெயரை எதற்கு மாற்ற வேண்டும்? ‘அம்மா அப்பா வரும்வரை இருக்கலாம்’. மூலையில் ஒரு ரப்பர் டப்பா படம். கதவுக்குப் பழைய எலுமிச்சை மஞ்சளைத் தேடி வீட்டுக்காரர் நான்கு கடை ஏறி இறங்கினார். அதே நிறம்தான் வேண்டும் என்று நான் நின்றேன். நோட்டீஸை அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் ரிப்போர்ட் கார்டு கொடுக்கிற அன்று வாசலில் நின்று கொடுத்தோம். ‘ரிப்போர்ட் கார்டு அரிசி டப்பாவில் இருக்கிறதா?’ என்பதுதான் தலைப்பு. நர்ஸ் அம்மாவிடம் கேட்டுத்தான் போட்டோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தொன்பது. வட்டம் என் கடைச் சுவரில் கோடு போட்டு எண்ணினான். கடிதத்துக்குக் கடைசி நாளன்று காலை முப்பத்திரண்டு. டீச்சர் முகம் வாடியிருந்தது. “எட்டு குறையுதுக்கா. நாப்பது வரல” என்றார். மடித்து மடித்து நைந்துபோன அந்தக் கடிதம் கையில்.

மதியம் ஒருவர் முப்பத்து மூன்றாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. என் கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் இறங்கி வந்தார். பின்னாலேயே தம்பி.

“ஒரு நாற்காலிதானேக்கா! வகுப்புக்குப் பத்துப் பேர்னு வெச்சா நாப்பது வந்துடும். இன்னிக்குத்தான் கடைசி நாள்!”

“ரெண்டு ரூம். ஆளுக்கு ரெண்டு வகுப்பு. மொத்தம் எத்தனை வகுப்புடா?”

“நாலு.”

“நாலெட்டு?”

நான்தான், கணக்கில் மக்கு, மெதுவாகச் சொன்னேன்: “முப்பத்திரண்டு.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று மாதமாக நாற்பது நாற்பது என்று உயிரை விட்டிருக்கிறோம். கணக்கு டீச்சர் ஒருத்தர், கணக்கு டியூஷனை நிறுவனமாக்க வந்தவன் ஒருத்தன், சுவரில் கோடு போட இடம் கொடுத்தவள் ஒருத்தி. இருக்கிற வகுப்புகளில் நாற்பது பேர் உட்காரவே முடியாது என்று ஒருவரும் பெருக்கிப் பார்க்கவில்லை. டீச்சர் நாற்காலியைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“நிரம்பிடுச்சுக்கா. காலையிலேயே நிரம்பிடுச்சு. தெரியாம உக்காந்து வருத்தப்பட்டுக்கிட்டிருந்தேன்.”

“முப்பத்திரண்டுல ஓட்ட முடியுமா?” என்றேன்.

“இழுத்துப் பிடிச்சா ஓடும். ஒன்பதாவது நாற்காலி போட்டா நல்லாவே ஓடும். ஆனா அந்த ஒன்பதாவது பிள்ளை கையால ஓட்டையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா, நான் பாக்க மாட்டேன்” என்றார்.

வட்டம் மாடிக்குப் போய், காத்திருந்த அப்பாவிடம் கேட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைத் தன் கையாலேயே காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக எழுதிக்கொண்டான். வரும்போது, என் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஆளுயர ‘ஏன்?’ பலகையைத் தூக்கிக்கொண்டு போய், வகுப்பறைக்குள் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினான். இப்போது ஒரு பிள்ளை விடையை மட்டும் சொன்னால், மற்ற ஏழு பேரும் சேர்ந்து அதைக் கைகாட்டுகிறார்கள்.

சாயந்திரம் வகுப்பு தொடங்குவதற்கு முன் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கான கடிதத்தை என்னிடம் நீட்டினார், எழுத்துப்பிழை இருந்தால் பார்க்கச் சொல்லி. பேனாவால் எழுதியிருந்தார். பழக்கதோஷத்தில் முதல் வரியில் ‘பணிக்குத் திரும்புகிறேன்’ என்று எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு அடித்து, அடுத்த வரியில் ‘பணியிலிருந்து விலகுகிறேன்’ என்று போட்டிருந்தார்.

கோணலான எழுத்தைக் கண்டாலே எனக்குக் கை அரிக்கும். “இப்படியேவா அனுப்பப்போறீங்க? குடுங்க, ரெண்டு நிமிஷத்துல சுத்தமா டைப் பண்ணித் தரேன்” என்றேன்.

டீச்சர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து உறையில் போட்டார்.

“வேண்டாம்க்கா. எங்கே திருத்தினேன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.”